அட்டையை மாற்றியும் நிற்காத சந்தா: மட்டக்களப்புப் புகைப்பட நிலையமொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கல்லடியில் அக்கா ஒருவரும் தங்கை ஒருவரும் சேர்ந்து நடத்தும் சிறு புகைப்பட நிலையம் இது. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று ஓடர் வரும். கடையைக் கவனிப்பவர் அக்கா. தங்கை அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு ஒரு வங்கிக் கணக்கும், அந்தக் கணக்கோடு இணைந்த இந்தியக் கைபேசி எண்ணும், வங்கிக் கணக்கிலிருந்து கைபேசியாலேயே பணம் செலுத்தும் இந்திய முறையான யுபிஐயின் செயலியும் இருந்தன.

நிலையத்துக்கு மாதச் சந்தாக்கள் இரண்டு. ஒன்று படங்களைத் திருத்தும் மென்பொருள். மாதம் 20 டொலர், ஒவ்வொரு மாதமும் 8ஆம் திகதி, அக்காவின் மட்டக்களப்பு வங்கிக் கணக்கின் டெபிட் கார்ட்டிலிருந்து போகும். மற்றது வாடிக்கையாளருக்குப் படங்களை அனுப்புவதற்கான இணையச் சேமிப்பகம். அதைத் தங்கை தன் இந்தியக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம், மாதம் 650 இந்திய ரூபாய்க்கு எடுத்திருந்தார்.

ஒரே ஆண்டுக்குள் இரண்டு சந்தாக்களையும் நிறுத்த வேண்டி வந்தது. இரண்டிலும் முதல் முயற்சி பலிக்கவில்லை. ஒன்றுக்குப் பொருந்திய வழி மற்றதற்குப் பொருந்தவில்லை. மாதாமாதம் பணம் எடுப்பதற்கான அனுமதி எங்கே பதிவாகியிருக்கிறது என்பது இரண்டிலும் வேறுபட்டதே காரணம்.

அனுமதி கொடுக்கப்பட்ட விதம்

யுபிஐயில் தொடர் கொடுப்பனவுக்கான அனுமதியை `AutoPay` என்றும் `Mandate` என்றும் திரையில் காணலாம். சந்தா நிறுவனம் ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. யார் பெறுகிறார், ஒரு தடவைக்கு எவ்வளவு வரை எடுக்கலாம், எத்தனை நாளுக்கொரு முறை எடுக்கலாம், எந்தத் திகதி வரை செல்லும் ஆகியன அதில் இருக்கும். கணக்குக்காரர் யுபிஐ இரகசிய எண்ணை இட்டு ஏற்றதும், அந்த அனுமதி ஒரு தனி எண்ணோடு அவருடைய வங்கியின் பக்கத்தில் பதிவாகிறது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் நிறுவனம் பணம் கேட்கும்போது, கேட்ட தொகை பதிந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று அந்தப் பதிவோடு ஒப்பிடப்படும்.

இந்தத் தொடர் பற்றுகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி வைத்துள்ள விதிகளில் இரண்டு இந்த நிகழ்வைத் தொடுகின்றன. 15,000 ரூபாய் வரையான ஒவ்வொரு பற்றுக்கும் மீண்டும் இரகசிய எண் கேட்கப்படாது. 2022 யூனில்தான் இந்த எல்லை 5,000இலிருந்து 15,000 ஆக உயர்ந்தது. இரண்டாவது, பணம் எடுப்பதற்கு 24 மணிநேரம் முன்னதாகக் கணக்குக்காரருக்கு அறிவித்தல் போகவேண்டும். எவ்வளவு, எதற்கு, எப்போது என்பதை அதில் பார்த்து வேண்டாமென்று மறுக்கலாம்.

சேமிப்பகத்துக்குத் தங்கை ஜனவரியில் கொடுத்த முதல் அனுமதியில் மாதம் ஒருமுறை, தடவைக்கு 1,000 ரூபாய் வரை என்று இருந்தது. உண்மையான கட்டணம் 650தான். வரி கூடினாலோ விலை சற்று ஏறினாலோ அனுமதி முறியாதிருக்க, நிறுவனங்கள் இப்படிக் கூட்டிக் கேட்பது வழக்கம். அது தவறான வரம்பல்ல.

டெபிட் கார்ட்டின் கதை வேறு. மார்ச்சில் அக்கா ஏழு நாள் இலவசச் சோதனைக்குப் பதிந்தபோது, அட்டை விபரத்தைக் கொடுத்து, கைபேசிக்கு வந்த ஓடிபியை இட்டார். வரம்பென்று எந்தக் கட்டமும் அங்கே வரவில்லை. அந்த ஓடிபி உறுதிசெய்தது, அட்டை அவருடையது என்பதையும் முதல் பரிவர்த்தனைக்கு அவர் சம்மதித்தார் என்பதையும்தான். இனி மாதாமாதம் எடுக்கலாம் என்ற சம்மதம், அவர் கட்டமிட்டு ஏற்ற விதிமுறைகளில், மென்பொருள் நிறுவனத்தின் ஏட்டில் இருந்தது. பின்வந்த பற்றுகள் ‘வணிகர் தொடங்கும் பரிவர்த்தனை’ என்ற வகையில், அந்த முதல் பரிவர்த்தனையைச் சுட்டிக்கொண்டே வங்கிக்கு வந்தன. ஓடிபி மறுபடி கேட்கப்படாததற்குக் காரணம் அதுதான்.

அவர் ஏற்ற விதிமுறையில் இன்னொரு விடயமும் இருந்தது. மாதம் 20 டொலர் என்பது மாதச் சந்தா அல்ல, மாதத் தவணையில் செலுத்தும் ஓராண்டு ஒப்பந்தம். இடையில் விலகினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கட்டவேண்டும். விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் அது சொல்லப்பட்டிருந்தது.

வரம்பு தாண்டியபோது

யூலையில் சேமிப்பகத்தில் இடம் போதாமல் அடுத்த திட்டத்துக்கு மாறினார்கள். கட்டணம் 1,150 ஆனது. நிறுவனம் கேட்ட தொகை 1,000ஐத் தாண்டியதால் பற்று மறுக்கப்பட்டது. வரம்பு செய்யவேண்டிய வேலையை இங்கே சரியாகச் செய்தது.

சேவை நின்றுவிடும் என்று மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பில் புதிய அனுமதி கேட்கப்பட்டது. தங்கை பரீட்சை நேரத்தில் அதை ஏற்றார். பின்னர் திரைப்பிடிப்பைப் பார்த்தபோது, இந்த இரண்டாவது அனுமதியின் வரம்பு 15,000 என்றிருந்தது. கால இடைவெளியில் `Monthly` என்பதற்குப் பதிலாக `As presented` என்றிருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். வரம்பு என்பது ஒரு தடவைக்கான வரம்பு. மாதம் ஒருமுறை என்ற இடைவெளியோடு 1,000 என்றால், மாதத்துக்கு 1,000க்கு மேல் போகாது. நிறுவனம் கேட்கும்போதெல்லாம் என்ற இடைவெளியோடு 15,000 என்றால், மாதத்துக்கென்று ஒரு மேலெல்லையே இல்லை. அப்போது மிஞ்சும் ஒரே காவல் அந்த 24 மணிநேர அறிவித்தல்தான். தொகையையும் இடைவெளியையும் நிறுவனமே நிரப்பி அனுப்புகிறது. கணக்குக்காரர் ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்துவிட்டு, ஆண்டுக் கட்டணமாகவோ கையால் மாதாமாதமோ செலுத்தும் வழி உண்டா என்று பார்த்திருக்கலாம். பெரும்பாலான சேமிப்பகங்களில் அது உண்டு.

பழைய 1,000 ரூபாய் அனுமதியை யாரும் நீக்கவில்லை. புதியது வந்ததால் பழையது போய்விட்டது என்று இருவரும் எண்ணினார்கள். அது தானாகப் போவதில்லை. இரண்டும் இரண்டு தனி எண்களில் உயிரோடு இருந்தன.

சிம் மாறிய பின்

ஒக்டோபரில் படிப்பு முடிந்து தங்கை ஊர் திரும்பினார். கைபேசியில் உள்ளூர் சிம்மைப் போட்டார். இந்திய சிம் மேசை இழுப்பறைக்குள் போனது. நவம்பர் தொடக்கத்தில் அதன் செல்லுபடிக் காலமும் முடிந்தது.

யுபிஐ செயலி, வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மோடும் அந்தக் கைபேசியோடும் கட்டப்பட்டது. சிம் மாறியதும் செயலி மீண்டும் சரிபார்ப்புக் கேட்டது. சரிபார்ப்பு எஸ்எம்எஸ் அந்த இந்திய எண்ணிலிருந்தே போகவேண்டும். ஆகவே செயலி திறக்கவில்லை. அனுமதிகளைப் பார்க்கவோ இடைநிறுத்தவோ நீக்கவோ வழி இல்லை. ஆனால் பற்று எடுக்கச் செயலி தேவையில்லை, சிம்மும் தேவையில்லை. அனுமதி வங்கியின் பக்கத்தில் இருக்கிறது, அது அங்கேயே வேலை செய்கிறது.

நவம்பர் கடைசியில், கார்த்திகைக் கல்யாணங்கள் நெருக்கியடித்த வேளை, அக்கா சேமிப்பகத்தின் நிர்வாகப் பக்கத்தில் இடத்தைக் கூட்டினார். 3,900 இந்திய ரூபாய் மேலதிகமாகப் போனது. விதிப்படி முதல்நாள் அறிவித்தல் போயிருக்கிறது. அது செல்லுபடி முடிந்த எண்ணுக்குப் போனது. டிசம்பரில் வங்கி மின்னஞ்சலில் அனுப்பிய கணக்கறிக்கையைத் திறந்தபோதுதான் தங்கைக்கு விடயம் தெரிந்தது. அந்தக் கணக்கில் இருந்தது, பல்கலைக்கழகத்துக்கு இன்னும் கட்டவேண்டியிருந்த சான்றிதழ்க் கட்டணத்துக்காக ஒதுக்கிய பணம்.

இதில் மோசடி எதுவுமில்லை. கேட்டவர் உரிய நிறுவனம். கேட்கவைத்தவர் அக்கா. அனுமதி அதற்கு இடம் கொடுத்தது. ஆகவே முறைப்பாடு செய்து பணத்தை மீட்கும் வழியும் இல்லை.

அட்டை மாற்றப்பட்ட பின்

இதற்கிடையே செப்டம்பரில் அக்கா ஒரே தடவையில் வாங்கும் வேறொரு திருத்த மென்பொருளுக்கு மாறியிருந்தார். அதே மாதம் அவருடைய டெபிட் கார்ட் தொலைந்தது. புதிய அட்டை எடுக்க வங்கிக் கிளைக்குப் போனபோது, பழைய சந்தாவைப் பற்றியும் கேட்டார். “கார்ட்ட மாத்தினா பழைய நம்பர் வேல செய்யாது அக்கா, பிறகு காசு போகாது” என்று கிளையில் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பி, மென்பொருள் நிறுவனத்தின் பக்கத்தில் சந்தாவை அவர் நிறுத்தவில்லை.

ஒக்டோபர் 8ஆம் திகதியும் நவம்பர் 8ஆம் திகதியும் புதிய அட்டையிலிருந்து 20 டொலர் வீதம் போனது. விசா, மாஸ்டர்கார்ட் போன்ற அட்டை வலையமைப்புகள், சந்தா முறியாதிருப்பதற்காகவே இரண்டு ஏற்பாடுகளை வைத்திருக்கின்றன. ஒன்றில், மாற்றப்பட்ட அட்டையின் புதிய எண்ணும் காலாவதித் திகதியும் வணிகருக்குத் தானாகப் போய்ச்சேரும். மற்றதில், வணிகர் அட்டை எண்ணை வைத்திருக்காமல், அதற்குப் பதிலாக வலையமைப்பு கொடுத்த டோக்கன் என்ற மாற்று எண்ணை வைத்திருப்பார். அட்டை மாறினால் அந்த டோக்கன் புதிய அட்டையைச் சுட்டும். இங்கே நடந்தது இரண்டாவது என்று வங்கியின் அட்டைப் பிரிவு பின்னர் உறுதிசெய்தது. கிளையில் சொன்னது கடையில் அட்டையைத் தேய்க்கும் வியாபாரத்துக்குச் சரி, சந்தாவுக்குச் சரியல்ல.

டொலர் தொகை மாறவில்லை என்றாலும் கணக்கறிக்கையில் ரூபாய்த் தொகை மாதாமாதம் சற்று வேறுபட்டது. நாணய மாற்று வீதத்தோடு, வங்கியின் கட்டணமும் சேர்ந்ததால் அப்படி. கடைப் பெயருக்குப் பதிலாக நிறுவனத்தின் பணம் வசூலிக்கும் பெயர் சுருக்கமாக வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து, இது எந்தப் பற்று என்று அறிவதைத் தாமதப்படுத்தின.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டிசம்பரில் குடும்ப நண்பரான கணக்காளர் ஒருவரோடு இருந்து இரண்டையும் வரிசைப்படுத்தினார்கள். அட்டைப் பக்கத்தில் ஒரு முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. நவம்பர் பற்றைக் கண்டதும், 20ஆம் திகதி அக்கா மென்பொருள் நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் சந்தாவை நீக்கினார். ஒப்பந்தத்தில் மூன்று தவணை, அதாவது 60 டொலர், மீதியிருந்தது. பாதி 30 டொலரை விலகல் கட்டணமாகக் கட்டினார். பயன்படுத்தாத மென்பொருளுக்கு 60 கட்டுவதைவிட அது குறைவு. நீக்கியதை உறுதிப்படுத்திய மின்னஞ்சலை அவர் அழிக்காமல் வைத்திருந்தது பின்னர் பெரிதும் உதவியது. ஏனென்றால் டிசம்பர் 8ஆம் திகதி மறுபடியும் 20 டொலர் போனது.

வங்கியின் அட்டைப் பிரிவுக்கு எழுத்தில் இரண்டு கோரிக்கைகள் கொடுக்கப்பட்டன. முதலாவது, அந்த வணிகரின் பெயரில் இனி வரும் தொடர் பற்றுகளை மறுக்கும்படி. அட்டையை முற்றாக முடக்கச் சொல்லவில்லை, வேறு கொடுப்பனவுகள் அதில் ஓடின. இரண்டாவது, மூன்று பற்றுகளுக்குமான தகராறுப் படிவம். அதில் காரணமாக ‘இரத்துச் செய்யப்பட்ட தொடர் பரிவர்த்தனை’ என்று எழுதி, நவம்பர் 20 மின்னஞ்சலையும் விலகல் கட்டணப் பற்றுச்சீட்டையும் இணைத்தார்கள். அட்டை வலையமைப்புகளில் இந்த வகைத் தகராறுக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. வங்கிகள் அதற்கு முன்பே படிவம் கேட்பதால் ஆறப்போடக் கூடாது.

யுபிஐ பக்கத்தில் செயலி திறக்காததால் மூன்று வழிகள் எண்ணப்பட்டன. கணக்கைக் காலியாக்குவது ஒன்று. அப்படிச் செய்தால் பற்று தோற்கும், ஆனால் அனுமதி அப்படியே இருக்கும், பணம் வைப்பிலிட்ட நாளில் மறுபடி போகலாம். சந்தா நிலுவையாகி, படங்கள் இருக்கும் கணக்கே பூட்டப்படவும் கூடும். அதனால் அது வேண்டாமென்று விட்டார்கள். வங்கிக்கு எழுதுவது இரண்டாவது. பதிந்த மின்னஞ்சலிலிருந்து எழுதினார்கள், பதில் வர நாளானது. வங்கியின் இணையப் பக்கத்தில் அட்டை சார்ந்த அனுமதிகள் மட்டுமே தெரிந்தன, யுபிஐ அனுமதிகள் தெரியவில்லை.

மூன்றாவது வழி நிறுவனத்தின் பக்கத்திலிருந்து நீக்குவது. அனுமதியைப் பெற்ற நிறுவனமும் அதை நீக்கலாம், அதற்குக் கணக்குக்காரரின் இரகசிய எண் வேண்டியதில்லை. ஆனால் சேமிப்பகத்தின் பக்கத்தில் `Remove payment method` என்பதை அழுத்தியபோது, கட்டணத் திட்டம் ஓடும்வரை நீக்க முடியாதென்று வந்தது. ஆகவே ஒழுங்கு இப்படி அமைந்தது: முதலில் படங்களை எல்லாம் இரண்டு வன்தட்டுகளில் இறக்குவது, பிறகு இலவசத் திட்டத்துக்கு இறங்குவது, நடப்பு மாதம் முடிந்ததும் கொடுப்பனவு முறையை நீக்குவது. இறக்குவதற்கு மட்டும் வீட்டு இணைப்பில் ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. இந்த வரிசையை மாற்றினால் படங்களை இழக்கும் அபாயம் இருந்தது. இலவசத் திட்டத்தின் இடத்துக்கு மேற்பட்டதை நிறுவனம் குறித்த காலத்தின் பின் அழித்துவிடும்.

விளைவு

வங்கி டிசம்பர் 8ஆம் திகதிப் பற்றை மட்டும் திருப்பித் தந்தது. ஒக்டோபர், நவம்பர்ப் பற்றுகள் மறுக்கப்பட்டன. அந்த நாட்களில் சந்தா நீக்கப்படவில்லை, அட்டை மாறியது நீக்கமாகாது என்பது காரணம். அது நியாயமான முடிவு. வணிகரின் பெயரில் போட்ட தடையின்பின் அந்தப் பற்று வரவில்லை.

சேமிப்பகத்தில் ஜனவரி நடுப்பகுதியில் கொடுப்பனவு முறை நீக்கப்பட்டது. அதோடு விடயம் முடிந்ததாக இருந்திருக்கும். ஆனால் தங்கை விடவில்லை. சென்னையிலிருந்த தோழி அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தார். எண் இன்னும் வேறொருவருக்குக் கொடுக்கப்படாத சலுகைக் காலத்துக்குள் இருந்ததால் சிம் உயிர்பெற்றது. ரோமிங் பொதியும் போட்டபின் சரிபார்ப்பு எஸ்எம்எஸ் போய், செயலி திறந்தது. `AutoPay` பட்டியலில் 15,000 ரூபாய் அனுமதி நீக்கப்பட்டதாகக் காட்டியது. முந்தைய 1,000 ரூபாய் அனுமதி `Active` என்று இருந்தது. நிறுவனம் நீக்கியது கடைசியாகப் பயன்படுத்தியதை மட்டும்தான். தங்கை அதைத் திறந்து, இரகசிய எண்ணை இட்டு, தானே நீக்கினார். `Pause` என்ற தெரிவும் அருகில் இருந்தது. அது பற்றைத் தற்காலிகமாகத் தடுக்கும், அனுமதியை முடிக்காது.

இப்போது மாற்றிச் செய்பவை

நிலையத்தின் டொலர்ச் சந்தாக்களுக்கு அக்கா தனியாக ஒரு சேமிப்புக் கணக்கும் அதற்கொரு டெபிட் கார்ட்டும் எடுத்திருக்கிறார். கடைக் கணக்கிலிருந்து மாதம் ஒருமுறை, சந்தாத் தொகையும் நாணய மாற்று ஏற்றத்துக்கான சிறு மேலதிகமும், ஸ்டாண்டிங் ஓடர் மூலம் அதற்குள் போகிறது. அட்டையில் வரம்புக் கட்டம் இல்லாத குறைக்கு இதுவே நடைமுறைத் தீர்வு. வங்கிச் செயலியில் வைக்கும் அன்றாட இணைய எல்லை இதற்கு ஈடாகாது, அது வணிகர் எல்லோருக்கும் சேர்த்த எல்லை. தனிக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. இருப்புப் போதாவிட்டால் நிறுவனம் சில நாள் விட்டு மீண்டும் மீண்டும் கேட்கும், ஆண்டு ஒப்பந்தமென்றால் கடனும் நிற்கும். எனவே அந்தக் கணக்கு வரம்பாக மட்டும் பயன்படுகிறது, நீக்குவதற்கு நிறுவனத்தின் பக்கத்துக்கே போகிறார்கள்.

இந்தியாவில் படிக்கும் பிள்ளைகள் ஊர் திரும்புமுன் செய்யவேண்டிய வேலைகளில், சிம்மைக் கழற்றுவதற்கு முன் `AutoPay` பட்டியலைத் திறந்து, உயிரோடிருக்கும் ஒவ்வொன்றையும் பார்ப்பதைத் தங்கை முதலாவதாகச் சொல்கிறார். சிம் செயலில் இருக்கும் நாளில் அது சில நிமிட வேலை. கணக்கைத் தொடர்ந்து வைத்திருப்பதென்றால், சிம்மின் செல்லுபடியைக் காப்பாற்றி, ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறும் நிலையில் வைத்திருக்கவேண்டும். முன்னறிவித்தல் போவது அந்த எண்ணுக்குத்தான்.

புதிய சந்தா எடுக்கும்போது அனுமதித் திரையைப் படம்பிடித்து, நிலையத்தின் கோப்பில் நான்கு விபரங்களோடு வைக்கிறார்கள்: ஒரு தடவைக்கான வரம்பு, இடைவெளி, முடியும் திகதி, கணக்கறிக்கையில் தோன்றும் வசூல் பெயர். திட்டம் மாறிப் புதிய அனுமதி கொடுத்தால், பழைய அனுமதியின் படத்தின்மேல் நீக்கிய திகதியை எழுதிய பிறகே புதியது கோப்பில் சேர்கிறது.